காலி இடத்தில் ஸ்டூல் முளைப்பது ஏன்? நீக்கும் கருவிகளும் நெகட்டிவ் ப்ராம்ப்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தில் நாம் தீட்டிக் காட்டும் பகுதியை ஏஐ புதிதாக வரைந்து நிரப்பும் வேலைக்கு இன்பெயின்டிங் என்று பெயர். இங்கே பேசப்போவது பெரும்பாலும் படம் வரையும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனில் அதைச் செய்வது பற்றித்தான். அதில் இரண்டு எழுத்துப் பெட்டிகள்: என்ன வர வேண்டும் என்று எழுதும் ப்ராம்ப்ட் பெட்டி மேலே, எதை விட்டு விலக வேண்டும் என்று எழுதும் நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டி கீழே. சொந்தக் கணினியில் ஓட்டலாம், எல்லா அமைப்பும் கைக்குக் கிடைக்கும், என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கவும் முடியும். போன் கருவிகள் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே படத்தை வைத்துக்கொள்வோம். வாடகைக்கு விடப்போகும் வீட்டின் ஹால். வெள்ளைச் சுவர், பளபளக்கும் வெளிர் நிற டைல்ஸ், நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. படம் 4000 × 3000 பிக்சல், அதில் நாற்காலி சுமார் 600 × 900. நாற்காலியை எடுத்துவிட்டு ஹாலை மட்டும் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நாற்காலியை எடுக்கச் சொன்னால் அதே இடத்தில் ஒரு ஸ்டூலையோ பூந்தொட்டியையோ வைக்கிறதே, ஏன்?

"எடு" என்ற கட்டளையே அதற்குப் போய்ச் சேரவில்லை, அதனால்தான். நீங்கள் பிரஷ்ஷால் தீட்டிய பகுதி, அதாவது மாஸ்க், அதற்கு ஒரு ஓட்டை, அவ்வளவே. ஓட்டைக்குள் முன்பு என்ன இருந்தது, அதை நீங்கள் ஏன் அழிக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இந்த மாடலை எப்படிப் பழக்கினார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். இணையத்திலிருந்து எடுத்த படங்களில் கண்டபடி ஓட்டைகள் போட்டு, படத்தோடு வந்த வர்ணனை வரியையும் கொடுத்து, "இந்த ஓட்டையில் என்ன இருந்தது, வரைந்து காட்டு" என்று கோடிக்கணக்கான முறை கேட்டார்கள். சரியான விடை எப்போதும் மூலப்படம்தான். ஓட்டைக்கு அடியில் நாற்காலி இருந்தால் நாற்காலி வரைவதுதான் சரி, வெறும் தரை இருந்தால் தரை வரைவதுதான் சரி. நாற்காலி இருக்கும் படம், அதே இடத்தில் நாற்காலி இல்லாத படம் என்று ஜோடி ஜோடியாகக் காட்டி யாரும் பழக்கவில்லை. போதாக்குறைக்கு, ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 இன்பெயின்டிங் மாடலைப் பழக்கும்போது நான்கில் ஒரு பங்கு நேரம் முழுப் படத்தையுமே மறைத்துவிட்டார்கள். அதாவது சூழல் எதுவும் இல்லாமல் ஒரு படத்தையே புதிதாகக் கற்பனை செய்யும் வேலையும் அதே மாடலுக்குத்தான்.

ஆக, நீங்கள் "இதன் பின்னால் என்ன இருக்கிறது" என்று கேட்கிறீர்கள், அது "இங்கே என்ன மறைந்திருக்கிறது" என்று புரிந்துகொள்கிறது. ஹாலின் நடுவில், சுவருக்கு முன்னால், தரையில் ஒரு இடம் மறைக்கப்பட்டிருந்தால் அங்கே என்ன இருந்திருக்கும்? ஒரு மேசை, ஒரு தொட்டி, ஒரு ஸ்டூல். அது படித்த பாடத்தின்படி நல்ல ஊகம்தான், நம் வேலைக்குத்தான் உதவாது.

ப்ராம்ப்ட் பெட்டியைக் காலியாகத்தானே விட்டேன், அப்புறமும் பொருள் வருகிறதே?

காலிப் பெட்டி என்றால் காலி இடம் என்று அர்த்தமில்லை. பழக்கும்போது பத்தில் ஒரு முறை வர்ணனை வரியை வேண்டுமென்றே எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டினார்கள். அந்தப் படங்களில் நாய் இருந்தது, கார் இருந்தது, கல்யாணப் பெண் இருந்தாள். ஆகவே காலி ப்ராம்ப்ட் என்பது மாடலுக்கு "ஏதோ ஒரு படம்" என்றுதான் ஆகிறது. ஏதோ ஒரு படத்தில் நடுவில் பெரும்பாலும் என்ன இருக்கும்? ஏதாவது ஒரு பொருள் இருக்கும், ஏனென்றால் வெறும் சுவரையும் வெறும் தரையையும் மெனக்கெட்டுப் படம் எடுத்து இணையத்தில் போடுகிறவர்கள் குறைவு.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. ப்ராம்ப்ட்டும் காலி, நெகட்டிவ் ப்ராம்ப்ட்டும் காலி என்றால் `CFG Scale` ஸ்லைடரை எங்கே நகர்த்தினாலும் ஒன்றும் மாறாது. அந்த ஸ்லைடர் பெருக்குவது இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டும் ஒன்றேயானால் வித்தியாசம் பூஜ்யம், பூஜ்யத்தை 7-ஆல் பெருக்கினாலும் 20-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்த நிலையில் மாடல் தன் இஷ்டத்துக்கு வரைகிறது, ஸ்டியரிங் யார் கையிலும் இல்லை.

நாற்காலியைத் துல்லியமாக, ஓரம் பிசகாமல் மாஸ்க் செய்தேன். அதனாலேயே கெட்டுப்போகுமா?

ஆம். நீக்கும் வேலையில் துல்லியமான மாஸ்க் பெரும்பாலும் எதிரிதான்.

முதல் காரணம், ஓரம். மாடல் உங்கள் பிக்சல்களின் மேல் நேரடியாக வேலை செய்வதில்லை. 512 × 512 படத்தை 64 × 64 கட்டங்களாகச் சுருக்கி, அந்தக் கட்டங்களில்தான் வரைகிறது. ஒரு கட்டம் என்பது 8 × 8 பிக்சல். மாஸ்க் நாற்காலியை ஒட்டி நின்றால், ஓரக் கட்டங்களில் சிவப்புச் சாயம் கொஞ்சம் தங்கிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால்கூடக் கண்ணுக்கு மெல்லிய சிவப்புக் கோடாகத்தான் தெரியும். மாடலுக்கோ அது "இங்கே சிவப்பாக ஒன்று தொடங்குகிறது" என்ற தகவல். தொடங்கியதை அது முடித்துவைக்கும். பழைய நாற்காலியின் உருவத்திலேயே ஒரு சிவப்புக் கூடை முளைப்பது இப்படித்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம், நிழல். நம் படத்தில் நாற்காலிக்கு இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சத்தால் ஒரு நிழல் தரையில் விழுந்திருக்கிறது. டைல்ஸ் பளபளப்பாக இருப்பதால் நான்கு கால்களும் தலைகீழாகத் தரையில் லேசாகத் தெரிகின்றன. நாற்காலியை மட்டும் மாஸ்க் செய்தால் நிழலும் பிரதிபலிப்பும் மாஸ்க்குக்கு வெளியே அப்படியே இருக்கும். நிழல் இருந்தால் நிழல் விழவைத்த ஒரு பொருள் இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கை மாடல் நன்றாகவே கற்றிருக்கிறது. நீங்கள் எந்த நெகட்டிவ் ப்ராம்ப்ட் எழுதினாலும் அந்த நிழலுக்குப் பதில் சொல்ல ஏதாவது ஒன்றை அது கொண்டுவந்து வைக்கப் பார்க்கும்.

அதனால் மாஸ்க் போடும்போது நாற்காலி, அதன் நிழல் முழுவதும், தரைப் பிரதிபலிப்பு மூன்றையும் சேர்த்து, ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு, உருண்டையாகவோ கட்டமாகவோ தீட்டுங்கள். நாற்காலி வடிவம் தெரியவே கூடாது. 600 பிக்சல் அகலமுள்ள பொருளுக்கு எல்லாப் பக்கமும் 20, 30 பிக்சல் கூடுதலாகப் போவதில் தப்பே இல்லை.

ஒரு சோதனை: வந்த பொருளைப் பாருங்கள். அதன் அடிப்பகுதி பழைய நிழலோடு ஒட்டிக்கொண்டு நின்றால் குற்றவாளி நிழல். பொருளின் நிறம் பழையதை ஒத்திருந்தால் ஓரக்கசிவு. இரண்டும் இல்லாமல், வரைதலின் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் `Seed` என்ற எண்ணை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒவ்வொரு பொருள், ஒருமுறை தொட்டி, ஒருமுறை பூனை, ஒருமுறை விளக்கு என்று வந்தால் மாடலுக்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை, சும்மா ஊகிக்கிறது. நெகட்டிவ் ப்ராம்ப்ட் உண்மையாகப் பயன்படுவது இந்த மூன்றாவது வகைக்குத்தான்.

`Only masked` போட்டால்தான் தெளிவாக வருகிறது, ஆனால் அதில்தான் வினோதப் பொருட்களும் அதிகம். இது என்ன கூத்து?

இரண்டும் உண்மை, இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஓட்டும் ஆட்டோமேட்டிக்1111 இடைமுகத்தில் `Only masked` போட்டால் மாஸ்க்கைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதைப் பெரிதாகவோ சிறிதாகவோ மாற்றி மாடலிடம் கொடுத்து, வந்ததைத் திரும்ப ஒட்டுகிறது. எவ்வளவு சுற்றுப்புறம் சேர்க்க வேண்டும் என்பது `Only masked padding, pixels` என்ற ஸ்லைடரில் இருக்கிறது. அதன் இயல்பான அளவு 32.

நம் படத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க மாஸ்க் 600 × 900 என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பக்கமும் 32 சேர்த்தால் 664 × 964. வரையும் அளவை 512 × 512 என்று சதுரமாக வைத்திருந்தால் வெட்டும் அதே விகிதத்தில் 964 × 964 ஆகிறது. அந்தச் சதுரத்தில் ஓட்டை அகலத்தில் 62 சதவீதம், உயரத்தில் 93 சதவீதம். அதாவது மாடல் பார்ப்பது ஒரு ஹால் அல்ல. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் சுவர், கொஞ்சம் தரை, நட்டநடுவில் ஒரு பெரிய ஓட்டை. ஃபர்னிச்சர் விளம்பரப் படம் ஒன்றில் ஃபர்னிச்சரை மட்டும் மறைத்தால் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படி. அங்கே அது வேறென்ன வரையும்?

ஸ்லைடரை உச்சத்துக்கு, 256-க்குக் கொண்டுபோனால் வெட்டு 1412 × 1412 ஆகிறது. ஓட்டை அகலத்தில் 42, உயரத்தில் 64 சதவீதமாகச் சுருங்குகிறது. சுவரும் தரையும் சேரும் கோடு இரு பக்கமும் நீளமாகத் தெரிகிறது, டைல்ஸ் இடைவெளிக் கோடுகள் எந்தத் திசையில் போகின்றன என்பதும் தெரிகிறது. வினோதப் பொருட்கள் கண்கூடாகக் குறையும்.

விலையும் உண்டு. 1412 பிக்சல் பகுதியை 512-க்குச் சுருக்கி வரைந்து மறுபடி சுமார் 2.76 மடங்கு பெரிதாக்கி ஒட்டுகிறார்கள், அதனால் நிரப்பிய இடம் சற்று மங்கலாக இருக்கும். வெறும் சுவருக்கு அது பரவாயில்லை. டைல்ஸ் கோடுகளுக்குத் தெரிந்துவிடும். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பெரிய வடிவமான, 1024 பிக்சலில் வேலை செய்யும் எஸ்டிஎக்ஸ்எல் இன்பெயின்டிங் மாடல் இருந்தால் அங்கே இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும்.

வரிசையாக நாலு நாற்காலி இருக்கிறது, ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே நாற்காலி திரும்ப வருகிறது.

வரத்தான் செய்யும். மாடல் வரையும்போது படத்தின் ஒவ்வொரு கட்டமும் மற்ற எல்லாக் கட்டங்களையும் எட்டிப் பார்த்துக்கொள்கிறது. டைல்ஸ் கோடு நேராகத் தொடர்வதும், சுவர் நிறம் ஒத்துப்போவதும் இதனால்தான். அதே காரணத்தால், பக்கத்தில் ஒரே மாதிரி மூன்று நாற்காலி நிற்கும்போது நடுவில் உள்ள ஓட்டைக்கு நாற்காலிதான் மிகப் பொருத்தமான விடை. இங்கே நெகட்டிவ் ப்ராம்ப்ட் தோற்றுப்போவது சகஜம், ஏனென்றால் எழுத்தைவிடப் படத்தின் சாட்சி பலமானது.

வழி என்னவென்றால், மற்ற மூன்றையும் மாடல் கண்ணில் படாமல் செய்வது. படத்தை முன்கூட்டியே வெட்டிக் காலி தரையும் சுவரும் மட்டும் அருகில் இருக்கும்படி கொடுக்கலாம். அல்லது நாலையும் ஒன்றாக மாஸ்க் செய்து எடுத்துவிட்டு, வேண்டிய மூன்றை மூலப்படத்திலிருந்து லேயராக மேலே திரும்ப வைக்கலாம். இரண்டாவது வழி சுற்றுவழி போலத் தெரிந்தாலும் வேலை சீக்கிரம் முடிவது அதில்தான்.

சரி, நெகட்டிவ் ப்ராம்ப்ட் உள்ளே என்னதான் செய்கிறது?

தடை போடுவதில்லை. திசை காட்டுகிறது. "இது வரக்கூடாது" என்று சரிபார்த்துத் தடுக்கும் காவலாளி யாரும் உள்ளே கிடையாது.

மாடல் படத்தை ஒரே மூச்சில் வரைவதில்லை, படிப்படியாகத்தான் வரைகிறது. ஒவ்வொரு படியிலும் அது இரண்டு முறை ஊகிக்கிறது. ஒன்று உங்கள் ப்ராம்ப்ட்டை வைத்து, இன்னொன்று நெகட்டிவ் பெட்டியை வைத்து. பிறகு நெகட்டிவ் ஊகத்திலிருந்து ப்ராம்ப்ட் ஊகத்தை நோக்கிப் போய், அங்கே நிற்காமல் அதே திசையில் இன்னும் பல மடங்கு தள்ளிப் போகிறது:

```
result = neg + scale * (pos - neg)
```

எண் போட்டால் புரியும். கற்பனையாக "நாற்காலித்தனம்" என்று ஒரு அளவு இருப்பதாக வையுங்கள். "வெறும் தரை" என்ற ப்ராம்ப்ட்டின் ஊகத்தில் அது 0.2. நெகட்டிவ் பெட்டி காலியாக இருந்தால் அந்தப் பக்க ஊகத்தில் 0.25. `scale`, அதாவது `CFG Scale`, 7.5 என்றால் விடை 0.25 + 7.5 × (−0.05), அதாவது −0.125. லேசான தள்ளல்தான். நெகட்டிவ் பெட்டியில் நாற்காலி என்று எழுதினால் அந்தப் பக்க ஊகம் 0.6-க்கு ஏறுகிறது என்று வையுங்கள். இப்போது 0.6 + 7.5 × (−0.4), அதாவது −2.4. அதே ப்ராம்ப்ட், அதே ஸ்லைடர், தள்ளல் மட்டும் பல மடங்கு.

இதிலிருந்தே அதன் எல்லையும் தெரிகிறது. நெகட்டிவ்வில் எழுதியது இரண்டு ஊகத்தையும் வித்தியாசப்படுத்தினால்தான் பலன். வரவே வாய்ப்பில்லாத பொருளை அங்கே எழுதுவதில் பிரயோஜனம் குறைவு. நாற்காலியை விட்டு விலகச் சொன்னால் ஸ்டூல் பக்கம் போவதையும் அது தடுக்காது, விலகும் திசை மட்டும்தான் சொன்னீர்கள், போய்ச்சேர வேண்டிய இடத்தைச் சொல்வது மேல் பெட்டியின் வேலை.

மேல் பெட்டியிலேயே `no chair` என்று எழுதிவிட்டால் என்ன?

நாற்காலி வரும் வாய்ப்பு கூடும். எழுத்தைப் படிக்கும் கிளிப் என்ற பகுதி, படங்களையும் அவற்றின் வர்ணனைகளையும் பொருத்திப் பழகியது. படங்களுக்கு வர்ணனை எழுதுகிறவர்கள் இருப்பதைத்தான் எழுதுவார்கள், இல்லாததை அரிதாகத்தான் எழுதுவார்கள். அதனால் `no`, `without` போன்ற சொற்களுக்கு அங்கே வலு ரொம்பக் குறைவு, `chair` என்ற சொல்லுக்கு வலு மிக அதிகம். `remove the chair` என்று எழுதுவதும் இதே கதைதான். அந்தச் சொல் போக வேண்டிய இடம் நெகட்டிவ் பெட்டி, அதுவும் `no` இல்லாமல், வெறும் `chair` என்று. அங்கே போய் `no chair` என்று எழுதுகிறவர்களும் உண்டு, அது சுற்றிவளைத்து மறுபடி குழப்பம்தான்.

ஆனால் `empty room` மாதிரி சொற்றொடர்கள் மேல் பெட்டியில் நன்றாகவே வேலை செய்யும். காலி அறைகளின் படங்களுக்கு நிஜமாகவே அப்படி வர்ணனை எழுதியிருக்கிறார்கள் அல்லவா.

தமிழில் எழுதலாமா?

1.5-இலும் எஸ்டிஎக்ஸ்எல்லிலும் வேண்டாம். கிளிப் பெரும்பாலும் ஆங்கில வர்ணனைகளில் பழகியது. தமிழ் எழுத்துகளை அது துண்டு துண்டாக உடைத்து விழுங்கும், ஒரே சொல் பல இடங்களைப் பிடித்துக்கொள்ளும், அர்த்தமும் போய்ச் சேராது.

அப்படியானால் இந்த ஹாலுக்கு என்னதான் எழுத வேண்டும்?

மேல் பெட்டியில், மாஸ்க்குக்குள் தெரிய வேண்டிய பரப்பை வர்ணியுங்கள். முழுப் படத்தையும் வர்ணிக்க வேண்டாம், அழகுச் சொற்களும் வேண்டாம். `beautiful cozy living room` என்று எழுதினால் சோபா வந்து உட்காரும், `cozy` என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு சோபா ஒளிந்திருக்கிறது. `bare`, `plain`, `flat` போன்ற வறண்ட சொற்கள்தான் நமக்கு வேண்டியவை.

நெகட்டிவ் பெட்டியில் பட்டியலை முன்கூட்டியே மனப்பாடமாக எழுதாதீர்கள். முதலில் நெகட்டிவ் இல்லாமல் நாலைந்து `Seed`-களில் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பொருட்கள் முளைக்கின்றனவோ அவற்றின் பெயர்களை மட்டும் அங்கே எழுதுங்கள். மாடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. நம் ஹாலுக்கு டிஃப்யூசர்ஸ் என்ற பைத்தான் நூலகத்தில் எழுதினால் இப்படி வரும்:

```python
import torch
from diffusers import AutoPipelineForInpainting
from PIL import Image

photo = Image.open("hall.jpg").convert("RGB")
mask = Image.open("mask.png").convert("L")

pipe = AutoPipelineForInpainting.from_pretrained(
    "stable-diffusion-v1-5/stable-diffusion-inpainting",
    torch_dtype=torch.float16).to("cuda")

out = pipe(
    prompt="bare glossy floor tiles, plain white wall, empty room",
    negative_prompt="chair, stool, table, plant pot, furniture, person",
    image=photo, mask_image=mask,
    guidance_scale=7.5, num_inference_steps=30,
    strength=1.0, padding_mask_crop=256).images[0]
```

`strength` ஏன் 1.0 என்று கேட்பீர்கள். ஆட்டோமேட்டிக்1111-இல் இதன் பெயர் `Denoising strength`, இயல்பாக 0.75-இல் நிற்கும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் மாஸ்க்குக்குள் இருந்த பழைய படத்தின் சாயல் கொஞ்சம் மிஞ்சும். `Masked content` என்ற இடத்தில் `original` போட்டிருந்தால் மிஞ்சுவது சிவப்பு நாற்காலியின் சாயல்தான். அதன் மேலிருந்து தொடங்கினால் சிவப்பாக ஏதோ ஒன்று வருவதில் என்ன ஆச்சரியம்? முழு நீக்கலுக்கு 1.0 வையுங்கள், அல்லது `fill` போட்டுச் சுற்றியுள்ள நிறங்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நெகட்டிவ்வில் `shadow` சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள். ஒரு பொருளின் நிழல் போவதோடு சுவர் மூலையில் இயல்பாக இருக்கும் மங்கலும் போய், அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்ட காகிதம் மாதிரி வெளுத்துத் தெரியும். `lines`, `pattern` போன்றவையும் அப்படித்தான், டைல்ஸ் கோடுகளே காணாமல் போய்விடும். நிரப்பும் இடத்தில் இருந்தே ஆக வேண்டிய எதையும் நெகட்டிவ்வில் எழுதக்கூடாது.

இணையத்தில் கிடைக்கும் நீளமான நெகட்டிவ் பட்டியலை அப்படியே ஒட்டுகிறேன், `worst quality, bad anatomy, extra fingers` என்று போகுமே, அது. உதவாதா?

ஆள் படம் வரைவதற்காக எழுதப்பட்ட பட்டியல் அது. காலித் தரையில் விரல்களை எண்ணி என்ன செய்யப் போகிறோம்?

தீமையும் உண்டு. கிளிப் ஒரு தடவையில் டோக்கன் எனப்படும் சொல்துண்டுகளில் 77-ஐத்தான் எடுத்துக்கொள்ளும், தொடக்கமும் முடிவும் போக உங்களுக்கு 75. டிஃப்யூசர்ஸில் சாதாரணமாக எழுதினால் அதற்கு மேல் உள்ளது வெட்டப்படும், நீங்கள் கடைசியில் சேர்த்த `stool` உள்ளேயே போயிருக்காது. ஆட்டோமேட்டிக்1111 நீளமானதைத் துண்டுகளாகப் பிரித்து எல்லாவற்றையும் உள்ளே அனுப்பும், ஆனால் அங்கும் மொத்தப் பட்டியலும் சேர்ந்து ஒரே ஒரு திசையாகத்தான் ஆகிறது. நாற்பது பொருளிலிருந்து ஒரே நேரத்தில் விலகச் சொன்னால் எதிலிருந்தும் சரியாக விலகாது. ஐந்தாறு பெயர் போதும்.

`CFG Scale`-ஐ 15-க்கு ஏற்றினால் இன்னும் பலமாக விலக்குமே?

விலக்கும், கூடவே நிறமும் கருகும். மேலே உள்ள சூத்திரத்தில் பெருக்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான், நாற்காலித்தனத்துக்கு மட்டும் அல்ல. மாஸ்க் செய்த பகுதி சுற்றுப்புறத்தைவிட அழுத்தமான நிறத்தில், கூர்மையான ஓரங்களோடு நிற்கும். சுவர் படங்களில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும், வெள்ளைச் சுவரில் லேசான நீலமோ மஞ்சளோ கலந்த ஒரு வட்டம் தெரியும். நீக்கல் வேலைக்கு 5 முதல் 8 வரை வைத்துக்கொண்டு, போதவில்லை என்றால் மாஸ்க்கையும் சுற்றுப்புறத்தையும் திருத்துவதே நல்லது என்பது என் கருத்து.

என் மாடலில் நெகட்டிவ் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒரே படம்தான் வருகிறது. பழுதா?

பழுது இல்லை. சூத்திரத்தில் `scale` இடத்தில் 1 போட்டுப் பாருங்கள், `neg` இரண்டு இடத்திலும் கழிந்து வெறும் `pos` மட்டும் மிஞ்சும். டர்போ, எல்சிஎம் போன்ற நாலைந்து படியில் முடிக்கும் வேக மாடல்களை பெரும்பாலும் அந்த அளவில்தான் ஓட்டுவார்கள், அப்போது நெகட்டிவ் ஊகம் கணக்கிடப்படுவதே இல்லை. பெட்டி திரையில் இருக்கும், எழுத்தை ஏற்றுக்கொள்ளும், உள்ளே ஒன்றும் நடக்காது.

2024 நவம்பரில் வந்த `FLUX.1 Fill [dev]` வேறு ரகம். அதில் `guidance` 30 என்று பெரிய எண் போடுவார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு ஊகங்களின் வித்தியாசத்தைப் பழக்கும்போதே மாடலுக்குள் ஊட்டிவிட்டார்கள், அந்த எண் வெறும் ஒரு உள்ளீடு. அங்கே விலக்குச் சொற்களுக்கு இடமில்லை, பரப்பை நேராக வர்ணிப்பது ஒன்றே வழி.

போனில் உள்ள அழிப்பான், ஃபோட்டோஷாப் எல்லாம் நெகட்டிவ் பெட்டியே தருவதில்லையே, அங்கே என்ன செய்வது?

போனில் கையில் இருப்பது மாஸ்க் மட்டும். நிழலையும் பிரதிபலிப்பையும் சேர்த்துத் தீட்டுங்கள், வட்டமாக, தாராளமாக. பெரிய பொருளை ஒரே தீற்றலில் எடுக்காமல், காலித் தரை பக்கமிருந்து துண்டு துண்டாக அழித்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு முறையும் ஓட்டை சிறியதாக இருக்கும், ஊகிக்க இடம் குறையும். ஆனால் பாதி நாற்காலி தெரியும் நிலையில் நிறுத்தினால் மீதிப் பாதியை அது வரைந்து தரும் அபாயம் உண்டு, ஆகவே மெல்லிய பகுதிகளான கால்களை முதலில் முடித்துவிடுங்கள்.

ஃபோட்டோஷாப்பின் `Generative Fill`-இல் ப்ராம்ப்ட் பெட்டி உண்டு, நெகட்டிவ் பெட்டி இல்லை. நீக்குவதற்கு அதைக் காலியாக விடச் சொல்வது அடோபியே. அடோபியின் சொந்த மாடலில் `remove` என்று எழுதுவதால் பெரும்பாலும் லாபமில்லை. தேர்வுப் பகுதியைச் சற்று விரிப்பதும், வரும் மாற்று வடிவங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும்தான் அங்கே உள்ள கருவிகள்.

இவ்வளவு பாடு எதற்கு, லாமா போட்டால் ஒரே அழுத்தலில் போய்விடுமே?

பல படங்களுக்கு அதுவே சரி. 2021-இல் வந்த லாமா என்ற நிரப்பும் மாடல் எழுத்தைப் படிப்பதே இல்லை, சுற்றியுள்ள அமைப்பை நீட்டிக்கொண்டுபோய் நிரப்புகிறது. பொருள் முளைக்காது என்றே சொல்லலாம். மணல், புல், வானம், வெறும் சுவர் எல்லாம் கண நேரத்தில் முடியும். ஆனால் ஓட்டை பெரிதாகப் பெரிதாக நடுப்பகுதி குழைந்து மங்கும். நம் ஹாலில் சுவர் நன்றாக வரும், தரையின் நடுவில் டைல்ஸ் கோடுகள் உருகி நெளியும்.

அதனால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். முதலில் லாமாவால் நாற்காலியை எடுத்துவிடுவது, பிறகு அதே மாஸ்க்கை வைத்துக்கொண்டு `Masked content` இடத்தில் `original`, `Denoising strength` 0.4 அல்லது 0.5 என்று போட்டு, மேலே சொன்ன ப்ராம்ப்ட் இரண்டோடும் ஒரு ஓட்டு ஓட்டுவது. முன்பு நாற்காலியின் சாயலை மிச்சம் வைத்துக் கெடுத்த அதே அமைப்பு இப்போது நமக்குச் சாதகமாகிறது, ஏனென்றால் மாஸ்க்குக்குள் இருப்பது ஏற்கெனவே தரைதான். மாடல் அந்த மங்கலைக் கூர்மையாக்கும், கோடுகளை நேராக்கும், புதிதாக ஒரு ஸ்டூலைக் கொண்டுவர அதற்கு அவகாசம் போதாது.

இந்த விலக்கும் வேலையை மாடலுக்குள்ளேயே வைத்துத் தந்தவர்களும் உண்டு. 2023 கடைசியில் வந்த பவர்பெயின்ட்டில் "இங்கே ஒரு பொருள் வை", "இங்கே பின்னணியைத் தொடர்" என்பது போன்ற தனிக் குறிகளைப் பழக்கியிருக்கிறார்கள். நீக்கும்போது பின்னணிக் குறி மேல் பக்கம் போகிறது, பொருள் குறி நெகட்டிவ் பக்கம் போகிறது. ஸ்டூல், தொட்டி, மேசை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, பொருள் என்ற வகையிலிருந்தே அது விலகுகிறது. நிழலைச் சேர்த்து மாஸ்க் போட வேண்டியது மட்டும் அங்கேயும் உங்கள் பொறுப்புதான்.